கூட்டல் குறி விழுந்த பந்து

ஆறு வாரமாக நாத்தனாரின் பந்து வளையவே இல்லை. அதைச் சொல்லாத ஆள் கிளப்பில் பாக்கி கிடையாது. புல் வெட்டுகிறவர் சொன்னார். கேன்டீன்காரர் சொன்னார். விக்கெட் என்றால் கட்டை என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாத பொருளாளர்கூட, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பழைய மாதிரி வளையலையே அந்தப் பொண்ணுக்கு" என்று வருத்தப்பட்டார். போன வருடம் லீக் ஆட்டத்தில் ஐந்து விக்கெட் எடுத்தபோது தோளில் தூக்காத குறையாகக் கொண்டாடியவர்கள்தான் இவர்கள் எல்லாரும்.

அண்ணிக்கு இதைக் கேட்கக் கேட்க எரிச்சல் மூண்டது. அண்ணி என்றால் பந்து வீசும் பெண்ணின் அண்ணன் மனைவி. முப்பத்து நான்கு வயது. அந்தப் பெண்கள் அணியின் விக்கெட் கீப்பர். நாத்தனார் ஒருத்தி "அண்ணி, அண்ணி" என்று மைதானத்தில் கத்திக் கத்தி, கடைசியில் அணியில் இருக்கும் பதினான்கு பேருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். பகலில் ஒரு தோல் பட்டறையில் பை தைக்கிறாள். மாலையில் ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியிருக்கிறாள். இரண்டு வேலைக்கும் கைதான் மூலதனம், அந்தக் கையில் இரண்டு விரல் ஏற்கெனவே கோணல்.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கமிட்டி கூடி லீக் ஆட்டத்துக்கான பட்டியலை முடிவு செய்யும். அதில் நாத்தனாரின் பெயர் இருக்காது என்று செயலாளர் போகிற போக்கில் சொல்லிவிட்டார். இந்த லீக்கில் ஆடினால்தான் மாநிலத் தேர்வாளர்கள் பார்ப்பார்கள். நாத்தனாருக்கு இருபத்து நான்கு வயது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிற வயதில்லை.

வீட்டில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். அண்ணன்காரன், அதாவது அண்ணியின் கணவன், சாப்பாட்டுத் தட்டோடு கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினான்.

"ஏய், பந்து வளையலைன்னா என்ன, நேராப் போடு. நேராப் போறதும் பந்துதானே."

உள்ளேயிருந்து ஒரு செருப்பு வந்து கதவில் மோதியது.

"நீங்க வாயைத் திறக்காம இருந்தாலே பெரிய உதவி" என்றாள் அண்ணி.

அவளுக்குத் தெரியும், நாத்தனாரிடம் எதுவும் மாறவில்லை. எட்டு வருடமாக அந்தக் கையிலிருந்து வரும் பந்தை வாங்குகிறவள் அவள். ஓடி வருவது அதே ஓட்டம். மணிக்கட்டு அதே மணிக்கட்டு. தையல் நிமிர்ந்தபடிதான் பந்து விரலை விட்டுக் கிளம்புகிறது. ஆனால் பாதி வழியில் போதையேறினவன் மாதிரி தள்ளாடுகிறது. கையுறைக்குள் வந்து விழும்போது உள்ளங்கை எரிகிறது. வயசாகிவிட்டது போல என்று ஆறு வாரமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். புதன்கிழமைக்குள் திட்டித் திட்டி அலுத்துப்போனது. தன் மேல் தப்பில்லை, நாத்தனார் மேல் தப்பில்லை என்றால் நடுவில் மிச்சமிருப்பது ஒன்றே ஒன்றுதான்.

புதன்கிழமை பயிற்சி முடிந்ததும் ஒரு பந்தைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வியாழக்கிழமை மதியம் பட்டறையில் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், விளக்கை இழுத்துத் தாழ்த்தி, பந்தை வேலைப்பலகையில் வைத்தாள்.

ஆறு வாரத்துக்கு முன் செயலாளர் பெருமையாக வாங்கி வந்த பந்துகளில் ஒன்று அது. மொத்தம் இருபத்து நான்கு. அதுவரை பெண்கள் அணிக்குப் போட்டிப் பந்து என்று தனியாக எதுவும் வந்ததே இல்லை, ஆண்கள் ஆடித் தேய்த்துப் போட்டதுதான் வரும். அதனால் அன்றைக்குச் சின்ன விழாவே நடந்தது. பேச்சு, கைதட்டல், புகைப்படம். பந்தின் மேல் பொன் எழுத்தில் முத்திரை: நான்கு துண்டு, கையால் தைத்தது, நூற்று நாற்பத்திரண்டு கிராம்.

முதலில் எடை பார்த்தாள். கொக்கியும் ரிவெட்டும் நிறுக்கிற சின்னத் தராசு பட்டறையில் உண்டு. நூற்று ஐம்பத்தொன்பது காட்டியது. பெண்கள் பந்து நூற்று நாற்பதிலிருந்து நூற்று ஐம்பத்தொன்றுக்குள் இருக்க வேண்டும். இது ஆண்கள் ஆடுகிற கனம். அடிபட்டுத் தேய்ந்த பிறகும் இந்தக் கனம் என்றால், புதிதாக இருந்தபோது என்ன கனமோ.

அடுத்து தையல். நடுவில் ஓடும் ஆறு வரிசைத் தையலில் நடு இரண்டு வரிசைதான் பந்தின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிப்பது, மற்ற நான்கும் தையலைத் தூக்கி நிறுத்துவதற்கு. நல்ல பந்தில் இருபது ஓவர் போனாலும் நகத்தில் தட்டுப்படும். இதில் வழித்துவிட்ட மாதிரி படுத்துக் கிடந்தது. தையல் எழுந்து நிற்காத பந்தை எந்தக் கெட்டிக்காரி போட்டாலும் நம்பி வளைக்க முடியாது.

பிறகு நான்கு துண்டு. நல்ல பந்தில் ஒவ்வொரு பாதியும் இரண்டு தோல் துண்டை உள்பக்கமாகத் தைத்து ஒட்டியது. வெளியே நூல் தெரியாது, மெல்லிய கோடு மட்டும் தெரியும். இதிலும் கோடு இருந்தது. அண்ணி கோட்டின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து அழுத்தி விலக்கினாள். மயிரிழைகூட விலகவில்லை. தோல் ஊசியின் முனையைக் கோட்டுக்குள் விட்டுப் பார்த்தாள். பள்ளத்தின் அடியில் தோல்தான் இருந்தது. கோட்டில் இணைப்பே இல்லை.

அவளுக்கு இது புதிதில்லை. மலிவுப் பையில் தைக்காமலே சூட்டு அச்சு வைத்துத் தையல் போலக் காட்டுகிற வித்தையை அவள் தினம் பார்க்கிறாள். அந்த வித்தையைப் பந்தில் பார்ப்பாள் என்று மட்டும் நினைக்கவில்லை.

பந்தைத் திருப்பினாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. சிரிப்பு வந்துவிட்டது, ஆத்திரத்தில் வருகிற சிரிப்பு. ஒரு பாதியின் கோடு தையலில் வந்து முட்டும் அதே இடத்தில், மறு பாதியின் கோடும் வந்து முட்டியது. குறுக்கே தையல், நெடுக்கே கோடு, சுத்தமான கூட்டல் குறி. நான்கு துண்டுப் பந்தில் இது நடக்காது. இரண்டு பாதியைச் சேர்க்கும்போது ஒன்றைக் கால்வட்டம் திருப்பி வைத்துத்தான் தைப்பார்கள், இணைப்பு இணைப்போடு சேர்ந்தால் அந்த இடம் பலவீனமாகிவிடும். அதனால் கோடு ஒரு பக்கத்திலிருந்து வந்து தையலில் முட்டி நிற்கும், எதிர்ப்பக்கம் வெறும் தோலாக இருக்கும். அச்சு செய்த புண்ணியவான் நல்ல பந்தைக் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. நேர்த்தியாக இருக்கட்டும் என்று கோட்டைக் கோட்டோடு சேர்த்துவிட்டான்.

மொத்தத்தில், கையில் இருப்பது ஆண்களுக்கான இரண்டு துண்டுப் பயிற்சிப் பந்து. மேலே சாயம், கோடு, பொய் முத்திரை.

இதுவரை அண்ணி செய்தது எல்லாம் சரி. இதற்குப் பிறகு செய்ததுதான் அசட்டுத்தனம். மனுஷன் ஏமாந்துவிட்டார், தனியாகச் சொன்னால் அவருக்கும் மரியாதை மிஞ்சும் என்று அன்று மாலை அந்தப் பந்தைக் கொண்டுபோய்ச் செயலாளரின் கையிலேயே கொடுத்தாள்.

செயலாளர் பொறுமையாகக் கேட்டார். பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் கொஞ்சம் கறுத்தது. பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, பந்தை உள்ளே வைத்து, பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கிளப் பந்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது முதல் தப்பும்மா."

"சார், நான் சொன்னது காதுல விழுந்துதா?"

"விழுந்துது. பயிற்சிக்குத்தானே, எந்தப் பந்தா இருந்தா என்ன? ஆடத் தெரிஞ்சவ எந்தப் பந்திலயும் ஆடுவா. உங்க வீட்டுப் பொண்ணுங்கறதால நீங்க பேசறீங்க. அது எனக்குப் புரியுது."

அவள் வெளியே வரும்போது, மீதிப் பந்துகளையெல்லாம் 'கணக்கெடுக்க' என்று ஸ்டோர்க்காரர் கோணிப்பையில் அள்ளிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பார்வையைத் தரைக்குத் திருப்பிக்கொண்டார்.

வீடு வரும்வரை அண்ணி தன்னைத்தானே வைதுகொண்டு வந்தாள். கையில் இருந்த ஒரே சாட்சியைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். தோல் ஊசியால் தன் தலையில் ஒரு குத்துக் குத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

விஷயத்தைக் கேட்ட நாத்தனார் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அப்ப என் கை கெட்டுப் போகலையா அண்ணி?"

"உன் கைக்கு என்னடி கேடு?"

அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். ஆறு வாரம் அடக்கி வைத்தது அத்தனையும் வந்தது. அண்ணி தடுக்கவில்லை. அழுது முடித்ததும், "நாளைக்கு நீயும் வர்றே" என்றாள்.

"என்னத்தைக் காட்டறது? பந்துதான் அவர் பூட்டி வச்சிருக்காரே."

"வாயிருக்கு இல்ல. அதை யாரும் பூட்டலையே."

அண்ணன்காரன் டிவி மேல் இருந்த பழைய பந்தை எடுத்து வந்து நீட்டினான். போன வருடம் ஐந்து விக்கெட் எடுத்ததற்காக லீக்காரர்களே நாத்தனாருக்குக் கொடுத்தது. "இது நல்ல பந்தா? இதையாவது கொண்டு போங்க" என்றான். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவன் சொன்ன உருப்படியான யோசனை அது என்று அண்ணி மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி. செயலாளரின் அறையில் அவரும் பொருளாளரும் அம்பயரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்பயர் கமிட்டியில் ஒருவர், லீக் ஆட்டங்களில் நிற்கிறவர், அதிகம் பேசமாட்டார், பேசினால் விரலைத் தூக்குகிற மாதிரிதான் பேசுவார். அண்ணியும் நாத்தனாரும் கதவைத் தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே வந்தார்கள்.

"கமிட்டிக்கு ஆட்டக்காரங்க வர்ற வழக்கம் இல்லையே" என்றார் செயலாளர்.

"ஆட்டக்காரியைத் தூக்கறதுக்கு முன்னாடி அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கற வழக்கமாவது இருக்கணும் இல்ல சார்."

அண்ணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எடை, படுத்த தையல், விலகாத கோடு, கூட்டல் குறி. பொருளாளர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். செயலாளர் நாற்காலியில் சாய்ந்தார்.

"அந்தப் பந்து எங்கே?"

"உங்க இழுப்பறையில."

"இங்க என்னென்னமோ இருக்கும். இருபத்து நாலு பந்துல ஒண்ணு தேய்ஞ்சிருக்கலாம், மாறிப் போயிருக்கலாம். ஏன், நீங்களே வெளியில இருந்து கொண்டு வந்திருக்கலாம்." குரலைத் தாழ்த்தினார். "கீப்பர் இடத்துக்கும் வேற பொண்ணு தயாரா இருக்கா. அதையும் யோசிச்சுப் பேசுங்க."

நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம் அண்ணி, உங்களையும் தூக்கிருவாங்க."

"தூக்கட்டும்" என்றாள் அண்ணி. "பொய்ப் பந்துக்குப் பின்னாடி குந்தி உக்கார்றதுக்கு நான் வீட்டுல கால் நீட்டி உக்காருவேன்."

சொல்லிவிட்டாளே தவிர, விடுவது சுலபமில்லை. எட்டு வருட ஆட்டம். அதை விட்டுவிட்டு எங்கே போவது? செயலாளரின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், அவர் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தாள்.

சுவரில் விழாப் புகைப்படம் மாட்டியிருந்தது. நல்ல பெரிய படம், கண்ணாடிச் சட்டம். மாலையும் சிரிப்புமாகச் செயலாளர், புத்தம் புதுப் பந்தை இரண்டு விரலில் பிடித்துக் கேமராவுக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கிறார். பந்துதான் படத்திலேயே பெரிதாக விழுந்திருந்தது. குறுக்கே வெள்ளைத் தையல். அதை வெட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை ஒரே நேராக ஒரு கோடு.

ஆறு வாரமாக இந்தச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அண்ணி எத்தனை முறை இதன் கீழே நின்றிருக்கிறாள்.

"சார்" என்றாள் அம்பயரைப் பார்த்து. குரல் அவளுக்கே வேறு மாதிரி கேட்டது. "கொஞ்சம் எழுந்து அந்தப் படத்தைப் பாருங்க. அந்தப் பந்தை நான் வெளியில இருந்து கொண்டு வரலை. பெட்டியைப் பிரிச்ச அன்னிக்கு எடுத்த படம்."

கைப்பையிலிருந்து ஐந்து விக்கெட் பந்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். அம்பயர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு படத்தருகே போனார். கையிலிருந்த பந்தைப் படத்துக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடித்தார். ஒன்றில் கோடு வந்து தையலில் முட்டி நின்றது. மற்றதில் தையலைத் தாண்டி அந்தப் பக்கமும் ஓடியது. அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அம்பயர் திரும்பினார். "இழுப்பறைச் சாவி."

"அது வந்து..."

"சாவி."

செயலாளர் சட்டைப் பைக்குள் கைவிட்டார். அம்பயர் இழுப்பறையிலிருந்து எடுத்த பந்தைத் தன் பையில் இருந்த இரண்டு வளையங்களில் பெரியதில் வைத்தார். பெண்கள் பந்து எப்படித் திருப்பினாலும் நுழைய வேண்டிய அளவு வளையம். ஒரு வாக்கில் வைத்தபோது நுழைந்தது. திருப்பி வைத்தபோது சிக்கிக்கொண்டு நின்றது. "வட்டமாவே இல்லை" என்றார்.

"கத்தி வச்சிருக்கேன். பிரிச்சுக் காட்டவா?" என்றாள் அண்ணி. பட்டறைக் கத்தி அவள் பையில் எப்போதும் உண்டு. அம்பயர் தலையசைத்தார். நடுத் தையலை அறுத்து, விளிம்பில் கத்தியைக் கொடுத்து நெம்பி, பாதித் தோலைக் கழற்றினாள். கிண்ணம் போல முழுசாக வந்தது. உள்பக்கம் மழமழவென்று, இணைப்பு என்று ஒரு நூல்கூட இல்லை. நூல் சுற்றிய உருண்டை இருக்க வேண்டிய இடத்தில் அச்சில் வார்த்த ரப்பரும் தக்கையும் கலந்த கட்டி. அதையும் தோலையும் செயலாளரின் மேஜை மேல் வரிசையாக வைத்தாள்.

பொருளாளர் தோலைத் தொட்டுப் பார்த்து, "நாந்தான் அன்னிக்கு முதல்ல கைதட்டினேன்" என்றார் பாவமாக.

செயலாளர் தண்ணீர் குடித்தார். "சரி, கடைக்காரன் என்னை ஏமாத்திட்டான். நான் என்ன பண்றது? இப்ப ஒண்ணு செய்யலாம். நல்ல பந்து இதோ இருக்கு. பொண்ணு வெளியில போய் ஆறு பந்து போடட்டும். வளைஞ்சா பட்டியல்ல சேர்த்துக்கலாம்."

நியாயமான பேச்சு போலத்தான் இருந்தது. அண்ணியே ஒரு கணம் தயங்கினாள். ஆனால் பதில் சொன்னது நாத்தனார். ஆறு வாரமாக யாரையும் நிமிர்ந்து பார்க்காதவள் நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"போட மாட்டேன் சார்."

"என்னம்மா இது?"

"தப்பு பந்து மேல. பரீட்சை மட்டும் எனக்கா? ஆறு வாரம் இதை வச்சு என் கை கெட்டுப் போச்சுன்னு ஊர் பூரா சொன்னீங்க. நானும் நம்பினேன். ஆக்‌ஷனை மாத்தலாமான்னுகூட யோசிச்சேன். மாத்தியிருந்தா நிஜமாவே கெட்டிருக்கும். போன வருஷம் எடுத்த அஞ்சு விக்கெட் உங்க பதிவுல இருக்கு. அதைப் பாத்துப் பேர் எழுதுங்க. இல்லாட்டி வேண்டாம்."

அண்ணிக்குக் கண் கலங்கியது. பெருமை பெருமையாக வந்தது. கோணல் விரலால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அம்பயர் மேஜையிலிருந்த பட்டியலைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்து, பன்னிரண்டாவது வரிக்குக் கீழே இருந்த வெற்று வரியில் நாத்தனாரின் பெயரை எழுதினார். எழுதிவிட்டு யோசித்து, அதை அடித்துவிட்டு, பதினோராவது வரியில் இருந்த பெயரைக் கீழே இறக்கி, முதல் பதினொன்றில் எழுதினார். "அந்த இருபத்து மூணு பந்தையும் என்ன பண்றது?" என்று அண்ணியைக் கேட்டார், செயலாளரைக் கேட்கவில்லை.

"தூக்கிப் போட வேண்டாம் சார். கேட்ச் பயிற்சிக்கு ஆகும், பேட்டிங்குக்கு எறிஞ்சு போட ஆகும். கனம் அதிகம், அதனால சின்னப் பொண்ணுங்ககிட்ட கொடுக்கக் கூடாது. பொன் எழுத்தைச் சுரண்டிட்டு மை வச்சுப் 'பயிற்சி'ன்னு எழுதிரலாம். பந்து வீசறவங்க கையில மட்டும் அது வரக் கூடாது."

செயலாளர் மெதுவாக எழுந்தார். யாரையும் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பி, சட்டத்தின் இரண்டு ஓரத்தையும் பிடித்துப் படத்தைக் கழற்றப் போனார்.

"சார், அது அங்கேயே இருக்கட்டும்" என்றாள் அண்ணி.

"எதுக்கும்மா? போதுமே."

"நீங்க ஏமாந்ததுக்காக இல்லை சார். ஏமாறது யாருக்கும் நடக்கும். அடுத்த தடவை பெட்டி வந்ததும், எங்க பொண்ணுங்க இங்க வந்து, இந்தப் படத்துக்குப் பக்கத்துல பந்தைப் பிடிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கிக்குவாங்க."

செயலாளரின் கை சட்டத்திலேயே நின்றது. நாத்தனார் மேஜை மேலிருந்து ஐந்து விக்கெட் பந்தை எடுத்து, பேண்டில் ஒரு தேய் தேய்த்து, தையல் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

"அண்ணி, கையுறை கொண்டு வந்திருக்கீங்களா?"

"பரீட்சை எழுத மாட்டேன்னு இப்பத்தானேடி சொன்னே?"

"அவங்களுக்குப் போட மாட்டேன்னுதான் சொன்னேன்" என்றாள் நாத்தனார். "வாங்க, உங்களுக்குப் போடறேன்."